நான்கும் 0.9999

ஓர் இளைஞரின் ஃபில்டர் வடிவமைப்பில் ‘நிலையற்றது, திருத்தவும்’ என்று குறிப்பு எழுதியது நான்தான். ஃபில்டரின் துருவம் என்ற எண் அளவில் 1-ஐத் தாண்டினால், வெளியீடு கட்டுக்கடங்காமல் வளரும்.

“சார், நான்கு ஃபில்டரிலும் துருவம் 0.9999. நான்கையும் பெருக்கி ஒரே பல்லுறுப்புக்கோவையாக்கியதும் நான்தான். எப்படி 1-ஐத் தாண்டும்?” என்று கேட்டார் அந்த இளைஞர். “np.roots தாண்டுகிறது என்கிறதே” என்றேன். அதோடு பேச்சு முடிந்தது.

பல்லுறுப்புக்கோவையின் கெழுக்களைக் கொடுத்தால் மூலங்களைத் தரும் பைத்தான் செயற்கூறு np.roots; அந்த மூலங்கள்தான் துருவங்கள். அதன் மீது நான் வைத்தது குருட்டு நம்பிக்கை அல்ல. np.roots மூலங்களை ஒவ்வொன்றாகத் துழாவிக்கொண்டிருப்பதில்லை. x² − 5x + 6 என்று கொடுத்தால், கெழுக்களைக் குறி மாற்றி முதல் வரிசையில் 5, −6 என வைக்கும். அடுத்த வரிசையில் 1, 0. இதுதான் துணை அணி. இதை (2, 1) என்ற திசையனோடு பெருக்கிப் பாருங்கள்: (4, 2) வரும், அதாவது அதே திசையன் இரண்டு மடங்காக. (3, 1) மூன்று மடங்காகும். இந்த மடங்குகள்தான் அணியின் ஐகன் மதிப்புகள்; 2, 3 என்ற மூலங்களே ஐகன் மதிப்புகளாகிவிடுகின்றன. அவற்றை QR முறை மொத்தமாகக் கண்டுபிடித்துவிடும். கல்லூரியில் ஐகன் மதிப்புக்காகப் பல்லுறுப்புக்கோவையைத் தீர்த்தோம். கணினி அதைத் தலைகீழாகச் செய்கிறது.

சில நாள் கழித்து, மனம் கேட்காமல் இதைத் தட்டிப் பார்த்தேன்.

```python
import numpy as np
np.roots([1, -4, 6, -4, 1])
```

இது (x − 1)⁴. நான்கு விடையும் 1 என்றே வரவேண்டும். வந்ததோ 1.0002, 0.9998, நடுவில் ஒரு சிக்கலெண் ஜோடி.

QR முறை பொய் சொல்லவில்லை. கொடுத்த அணிக்கு மிக மிக அருகிலுள்ள ஓர் அணியின் ஐகன் மதிப்புகளைத் தருவதாகத்தான் அது வாக்களிக்கிறது. ஆனால் அந்த நுண்ணிய வித்தியாசத்தால் (x − 1)⁴ = 0 என்பது (x − 1)⁴ = 10⁻¹⁶ என்று ஆனாலே போதும், மூலங்கள் 10⁻⁴ நகர்ந்துவிடும். 0.9999-க்கும் 1-க்கும் இடையே இருப்பதும் அதே 10⁻⁴தான்.

என் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. பெருக்கி வந்த கெழுக்களையே கருவியில் ஏற்றியிருந்தால், அங்கும் எண்களின் கடைசி இலக்கங்களை முழுமையாக்குவதில் துருவம் உண்மையாகவே நகர்ந்திருக்கும், எச்சரிக்கை வீணல்ல. ஆனால் அவருடைய நிரலில் நான்கும் தனித்தனியாக, ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. அதை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவர் பெருக்கியதே, சோதனைப் படிவம் ஐந்து கெழுக்களைக் கேட்டதால்தான். படிவம் நான் தயாரித்தது.

தனித்தனித் துருவங்களை எழுதச் சொல்லியிருந்தால் துணை அணிக்கே வேலையில்லை. அப்படிச் சொன்னால் பிழையான துருவத்தைக் கூச்சமில்லாமல் எழுதித் தருபவர்களும் இருக்கிறார்கள், அதனால்தான் கெழுக்களைக் கேட்டேன். இந்தக் காரணம் அப்போதே என் மனதில் இருந்ததா, இப்போது சேர்த்துக்கொண்டேனா, தெரியவில்லை.

அவர் 0.999 என்று மாற்றிக்கொண்டு வந்தார். சோதனையில் தேறியது. 10,000 மாதிரிகள் வரை நினைவில் வைத்திருந்த ஒவ்வொரு ஃபில்டரும் இப்போது 1,000-த்தோடு மறந்துவிடுகிறது. கையெழுத்துப் போட்டேன்.