சீமாஸ் செல்லைத் தின்ற மதர்போர்டு

ஒருவழியாகப் பிடித்துவிட்டேன். திருத்துறைப்பூண்டியில் சித்தப்பாவின் உரக்கடையில் பில் போடும் டெஸ்க்டாப், பழைய எச்61 போர்டு. கரண்ட் போய் வந்தால் தேதி 2011-க்குப் போய்விடும், `CMOS checksum error` என்று சொல்லி எஃப்1 கேட்கும். எஃப்1 அழுத்தினாலும் விண்டோஸ் வராது, நீலத்திரையில் `0x0000007B` தான் வரும். செட்டிங் அழிந்து ஹார்ட் டிஸ்க் மோடு டீஃபால்ட்டுக்குப் போய்விடுகிறது: விண்டோஸ் போட்டது ஏஹெச்சிஐ-யில், இந்தப் போர்டின் டீஃபால்ட்டோ ஐடிஇ. சித்தப்பாவுக்கு பயாஸில் அந்த ஒரு வரியை மாற்றுவது மனப்பாடமே ஆகிவிட்டது.

தேதியையும் பயாஸ் செட்டிங்கையும் காப்பது போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல், அதை மாற்றினால் சரியாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். சரியாகவும் ஆனது, நாலைந்து மாசத்துக்கு மட்டும். அப்புறம் பழைய கதை. சர்வீஸ்காரர் "போர்டு போச்சு, மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சுவரில் ஸ்விட்ச் போட்டிருக்கும் வரை, கம்ப்யூட்டர் ஆஃபில் இருந்தாலும் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டாண்ட்பை 5 வோல்ட்டே கடிகாரத்தை ஓட்டும். செல்லுக்கு வேலை மெயின் போனால்தான். கடையில் ராத்திரி மெயினையே அணைத்துவிடுவார்கள், அதனால் பாதி நாள் செல்லில்தான் ஓட்டம். அப்படியே இருந்தாலும் சிஆர்2032-இல் 220 எம்ஏஎச் இருக்கிறது, கடிகாரம் இழுப்பது சில மைக்ரோ ஆம்பியர். வருஷக்கணக்கில் வரவேண்டியது மாசக்கணக்கில் தீர்ந்தால் எங்கோ கசிகிறது.

கசிவை அளப்பதில்தான் எனக்கு மண்டை காய்ந்தது. செல்லுக்கும் ஹோல்டருக்கும் நடுவில் காகிதம் செருகி மைக்ரோ ஆம்பியரில் மீட்டரை வைத்தால் புரோப் வழுக்கிக்கொண்டே இருக்கிறது. சுலபமான வழி ஒன்று உண்டு. செல்லின் பாசிட்டிவிலிருந்து டயோடுக்குப் போகும் பாதையில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கும், மேலே 102 என்று எழுதியிருக்கும். மெயின் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனை அழுத்தி மிச்சத்தை வடித்துவிட்டு, அந்த ரெசிஸ்டரின் இரு முனையிலும் 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் வையுங்கள். 1 மில்லிவோல்ட் காட்டினால் 1 மைக்ரோ ஆம்பியர். செல்லைக் கழற்றவே வேண்டாம். புரோப் முனையில் தையல் ஊசியைக் கம்பியால் கட்டிக்கொண்டால் வழுக்காது.

காட்டியது 130. அதாவது விடாமல் ஓடினால் செல்லுக்கு ஆயுசு எழுபது நாள், பாதி நாள் ஓடினால் நாலரை மாசம். கணக்கு அப்படியே பொருந்துகிறது!

கசிவு டயோடிலா, போர்டின் மேலா? ஹேர் டிரையரை அந்த இடத்தில் காட்டினேன். டயோடு கெட்டிருந்தால் சூட்டில் கசிவு கூடும். இங்கே 130 இறங்கி 40-க்கு வந்தது, ஆறியதும் மெல்ல ஏறியது. ஈரம்தான். லென்ஸில் பார்த்தால் டயோடுக்குப் பக்கத்துக் கெப்பாசிட்டரின் இரண்டு கால்களுக்கும் நடுவில் வெளுத்த பொருக்கு. கடையில் நாள்முழுக்கப் பறக்கும் பொட்டாஷ் தூசி! அது உப்பு, ஐப்பசி ஈரத்தை இழுத்துக்கொண்டால் கரண்டைக் கடத்தும்.

எல்லோரும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், அதாவது ஐபிஏ போட்டுத் தேய்க்கச் சொல்வார்கள். தேய்த்தேன், 130 வெறும் 110 ஆனது. உப்பு ஐபிஏ-யில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். செல்லைக் கழற்றிவிட்டு, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டரை டூத்பிரஷ்ஷில் தொட்டு அந்த இடத்தை மட்டும் நன்றாகக் கழுவினேன். அதன்மேல் ஐபிஏ, தண்ணீரை விரட்ட. ஒருநாள் வெயில் படாத சூட்டில் காய்ந்த பிறகு மீட்டரில் 4. இப்போது சித்தப்பா மெயினைத் தூக்கித் தூக்கிப் போட்டுப் பார்க்கிறார், தேதி அசையவில்லை.

ஒரு குறை சொல்லியாக வேண்டும். ரெசிஸ்டருக்கு அப்புறம் கசிவதுதான் இந்த வழியில் தெரியும். ஹோல்டர் காலிலேயே கசிந்தால் ரெசிஸ்டர் வழியாகப் போகாது, அப்போது காகிதம் செருகும் வேலைதான்.

செல் வாங்கும்போது அட்டையில் ஒட்டியதாக வாங்குங்கள். வாட்ச் கடைகளில் டப்பாவில் ஒன்றோடொன்று உரசிக் கிடப்பது பாதி தீர்ந்திருக்கும். சிஆர்2025-ஐக் கொடுத்து "இதுவும் அதேதான்" என்பார்கள், 0.7 மில்லிமீட்டர் மெல்லியது, ஹோல்டரில் ஆடும்.

கழுவிய இடத்தில் அக்ரிலிக் கோட்டிங் ஸ்பிரே அடிக்க வேண்டும், தஞ்சாவூரில் கேட்டால் இல்லை என்கிறார்கள். அதற்குள் கேபினெட் ஃபேனுக்கு ஃபில்டர் வலை தைத்துக்கொண்டிருக்கிறேன். எடைத்தராசின் போர்டும் இதே தூசியில்தான் கிடக்கிறது, அதைத் திறக்க இன்னும் சித்தப்பா சம்மதிக்கவில்லை.