ஜிகாபிட் அடாப்டர் வாங்கினேன், வந்தது 11 மெகாபைட்

என் லேப்டாப்பில் நெட்வொர்க் கேபிள் செருக இடமே கிடையாது. இரண்டு டைப்-சி போர்ட், ஒரு ஹெட்போன் துளை, அவ்வளவுதான். ரவுட்டருக்கும் என் மேசைக்கும் நடுவே இரண்டு சுவர் இருந்தாலும் அன்றாட வேலைக்கு வைஃபை போதுமானதாகவே இருந்தது. சேர்ந்துபோன புகைப்படங்களையும் வீடியோக்களையும், மொத்தம் 200 ஜிபி, ரவுட்டரோடு கேபிளில் இணைந்திருக்கும் மேசைக் கணினிக்கு நகலெடுக்க உட்கார்ந்தபோதுதான் தொல்லை ஆரம்பித்தது. மீதி நேரம் இரண்டு மணி என்று காட்டும், பிறகு நான்கு மணி என்னும், யாராவது கதவைச் சாத்தினால் அப்படியே நின்றுவிடும். சரி, கம்பிக்கே போய்விடலாம் என்று யூ.எஸ்.பி. ஈதர்நெட் அடாப்டர் ஒன்று வாங்கினேன்.

ஜிகாபிட் அடாப்டர் அது, உள்ளே இருப்பது ரியல்டெக் `RTL8153` சிப். லினக்ஸில் இதற்கு எதையும் நிறுவ வேண்டியதில்லை. செருகியதும் `enx` என்று தொடங்கும் பெயரில் புது இணைப்பு ஒன்று தோன்றியது, விளக்கும் மினுக்கியது. நகலை ஆரம்பித்துவிட்டு வேகத்தைப் பார்த்தால் நொடிக்கு 11 மெகாபைட். வைஃபையே இதைவிடப் பரவாயில்லை!

நொந்துகொண்டேனே தவிர, அந்த 11 என்ற எண்ணே பாதி விடை என்பது சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது. நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பை எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட். மேல்செலவு போக மிஞ்சுவது பதினொன்று சொச்சம். அதாவது எங்கோ ஓரிடத்தில் இணைப்பு ஜிகாபிட்டிலிருந்து 100-க்கு இறங்கியிருக்கிறது. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரே ஒரு கட்டளை போதும். கீழே உள்ள பெயருக்குப் பதில், `ip -br link` காட்டும் உங்கள் அடாப்டரின் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

```
sudo ethtool enx00e04c123456 | grep Speed
```

`Speed: 100Mb/s` என்று பதில் வந்தது. விண்டோஸ்காரர்கள் பவர்ஷெல்லில் `Get-NetAdapter` என்று அடித்தால் `LinkSpeed` என்ற பத்தியில் இதே தகவல் கிடைக்கும்.

ரவுட்டரும் ஜிகாபிட், அடாப்டரும் ஜிகாபிட். மிச்சம் இருப்பது கேபிள் மட்டும்தான். அது பழைய டப்பா ஒன்றிலிருந்து எடுத்தது. முனையில் உள்ள பிளக் கண்ணாடி மாதிரி தெளிவான பிளாஸ்டிக் என்பதால் டார்ச் அடித்துப் பார்த்தேன். எட்டு ஒயர் இருக்க வேண்டிய இடத்தில் நான்குதான் இருந்தன. நூறு மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி, அதாவது நான்கு ஒயர் போதும். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். இரு முனையில் உள்ள சிப்புகளும் முதலில் பேசிக்கொள்வது அந்த இரண்டு ஜோடிகளின் வழியாகத்தான். ‘நான் ஜிகாபிட்’, ‘நானும்தான்’ என்று உடன்பட்டுவிட்டு, முயன்று பார்த்து முடியாமல் போனதும் பல சிப்புகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடுகின்றன. எட்டு ஒயரும் இருந்து, மற்ற இரண்டு ஜோடிகளில் ஓர் ஒயர் உள்ளே அறுந்திருந்தாலும் இதே கதைதான். எந்த எச்சரிக்கையும் வராது.

எட்டு ஒயர் உள்ள வேறு கேபிளை மாட்டினேன். `Speed: 1000Mb/s`. முடிந்தது வேலை என்று நகலை மறுபடி ஓட்டினேன்.

நொடிக்கு 37 மெகாபைட்.

முன்பைவிட மூன்று மடங்கு என்பதால் ஒரு கணம் திருப்திகூட வந்தது. ஆனால் ஜிகாபிட் என்றால் 110-ஐத் தாண்ட வேண்டும். முதல் சந்தேகம் அந்தப் பக்கத்து வன்தட்டின் மேல் போனது. தட்டைக் குற்றம் சொல்லும் முன் அதைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு அளப்பதுதான் நல்லது. அதற்கு `iperf3` உதவும். இது கோப்பு எதையும் படிப்பதோ எழுதுவதோ இல்லை, நினைவகத்திலிருந்து தரவை அள்ளி நெட்வொர்க்கில் கொட்டி வேகத்தை மட்டும் சொல்லும். மேசைக் கணினியில் `iperf3 -s` என்று ஓடவிட்டு, லேப்டாப்பில் இப்படி:

```
iperf3 -c 192.168.1.20
iperf3 -c 192.168.1.20 -R
```

முதல் வரி அனுப்பும் வேகம், `-R` போட்டது பெறும் வேகம். இரண்டும் நொடிக்கு 310 மெகாபிட்டை ஒட்டியே நின்றன. ஆக, தட்டு நிரபராதி. கேபிளில் 1000 மெகாபிட் என்கிறது `ethtool`, ஆனால் கடந்து போவது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இங்கேதான் நான் சறுக்கியிருந்தேன். அடாப்டருக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் ரவுட்டரை நோக்கிய கேபிள், மறுபக்கம் லேப்டாப்பை நோக்கிய யூ.எஸ்.பி. `ethtool` சொல்வது முதல் பக்கத்தின் வேகத்தை மட்டும். இரண்டாம் பக்கம் எந்தக் கதியில் ஓடுகிறது என்று அதற்குக் கவலையில்லை. விண்டோஸின் `LinkSpeed`-உம் அப்படியே, `1 Gbps` என்று நிம்மதியாகச் சொல்லிக்கொண்டிருக்கும். யூ.எஸ்.பி. பக்கத்தைத் தனியாகக் கேட்க வேண்டும்.

```
lsusb -t
```

மரம்போல் கிளை பிரிந்து வரும் பட்டியலில் `r8152` என்ற டிரைவர் பெயர் உள்ள வரிதான் நம் அடாப்டர். அந்த வரியின் கடைசியில் `480M` என்றிருந்தது. யூ.எஸ்.பி. 2.0-இன் வேகம் அது. யூ.எஸ்.பி. 3-இல் ஓடினால் `5000M` என்று இருக்க வேண்டும்.

480 என்றால் 480-ஆவது வர வேண்டாமா என்று கேட்கலாம். வராது. யூ.எஸ்.பி. 2.0-இல் அனுப்புவதற்கும் வாங்குவதற்கும் ஒரே ஜோடி ஒயர்தான், முறை வைத்துத்தான் பேச முடியும். அந்த மேல்செலவு கணிசமானது. 2018-இல் வந்த ராஸ்பெரி பை 3 பி பிளஸ் பலகையில் ஜிகாபிட் ஈதர்நெட் உண்டு, ஆனால் அது உள்ளுக்குள் யூ.எஸ்.பி. 2.0 வழியாகப் போவதால் அதிகபட்சம் 300 மெகாபிட்தான் என்று தயாரிப்பாளர்களே குறிப்பிட்டிருந்தார்கள். என் 310-ஐப் பார்த்தபோதே அது நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

சரி, ஏன் 2.0? லேப்டாப்பின் ஒரு போர்ட்டில் சார்ஜர், இன்னொன்றில் ஹப், ஹப்பில் அடாப்டர். ஹப்போ யூ.எஸ்.பி. 3 தான், துளைக்குள் நீல நிறம்கூட இருக்கிறது. பழைய வடிவ பிளக்கை மெதுவாகச் செருகினால் முன்னால் உள்ள 2.0 முனைகள் முதலில் தொட்டு, கணினி அதையே பிடித்துக்கொள்வதுண்டு. அதனால் கழற்றி, ‘சட்’டென்று செருகிப் பார்த்தேன். `480M`. பக்கத்துத் துளையில் மாற்றினேன். `480M`. ஹப் போய்விட்டது என்றே முடிவு கட்டினேன்.

உடன் வேலை செய்யும் நண்பரிடம் போனில் புலம்பியபோது, “அந்த ஹப்புலயே மானிட்டரும் மாட்டியிருக்கீங்களா?” என்றார்.

“ஆமாங்க. ஏன், 4கே மானிட்டர்தான்.”

“அதை ஒரு நிமிஷம் உருவிட்டு, ஹப்பையும் கழட்டி மாட்டிப் பாருங்க.”

மானிட்டருக்கும் நெட்வொர்க்குக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துக்கொண்டே உருவினேன். மறுபடி `lsusb -t`. அடாப்டர் வரியில் `5000M`!

காரணம் டைப்-சி போர்ட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதில் அதிவேகத் தரவுக்கென நான்கு ஜோடி ஒயர்கள் உண்டு. யூ.எஸ்.பி. 2.0-க்கு இவை தவிர ஒரு தனி ஜோடி. ஹப் வழியாக மானிட்டருக்குப் படம் போகும்போது, அந்த அதிவேக ஜோடிகளைப் படமும் தரவும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். படத்துக்கு இரண்டு, யூ.எஸ்.பி. 3-க்கு இரண்டு என்று பிரித்தால் இருவரும் பிழைக்கலாம், ஆனால் பல ஹப்புகளில் 4கே படம் நொடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கப்படும். 60 முறை வேண்டுமென்று வடிவமைத்த ஹப் நான்கையும் படத்துக்கே கொடுத்துவிடலாம். அப்போது யூ.எஸ்.பி.-க்கு மிஞ்சுவது அந்தத் தனி ஜோடி மட்டுமே, அதாவது 2.0. என் ஹப் அந்த ரகம். ‘4கே 60’, ‘யூ.எஸ்.பி. 3’, ‘ஜிகாபிட்’ மூன்றும் பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருக்கும், ஒன்றாக வேலை செய்யுமா என்பதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தண்டர்போல்ட் டாக்குகளுக்கு இந்த நெருக்கடி இல்லை, அவை பங்கிடும் விதமே வேறு.

தீர்வு எளிது. சார்ஜரை ஹப்பில் உள்ள சார்ஜிங் துளைக்கு மாற்றினேன், லேப்டாப்பின் இரண்டாவது போர்ட் காலியானது. அடாப்டரை நேரே அங்கே மாட்டினேன். அதற்கு டைப்-சி மாற்றி முனை ஒன்று வேண்டும். கைக்கு வந்த முதல் முனை போன் டப்பாவில் கிடந்தது, அதை மாட்டினால் திரும்பவும் `480M`! அந்தக் குட்டி முனைக்குள் 2.0 ஒயர்கள் மட்டும்தான் போலிருக்கிறது. இன்னொன்றை மாட்டியதும் வந்தது:

```
|__ Port 2: Dev 3, If 0, Class=Vendor Specific Class, Driver=r8152, 5000M
```

`iperf3` 941 மெகாபிட் என்றது, இரு திசையிலும். மீதி 59 எங்கே என்று தேட வேண்டாம். சாதாரண அளவுப் பொட்டலம் ஒன்று கேபிளில் 1538 பைட் இடத்தைப் பிடிக்கிறது, அதில் நம் சொந்தத் தரவு 1448 பைட். முகவரி, தலைப்பு, இடைவெளி என்று மற்றது போய்விடும். 941-ஐப் பார்த்தால் அந்தக் கம்பியில் இனி பிழிய ஒன்றும் இல்லை என்று பொருள்.

வைஃபையை அணைக்காமலே விட்டிருந்தேன். இரண்டும் இருந்தால் எதில் போகும் என்ற சந்தேகத்துக்கு `ip route` பதில் சொல்லும். `default` என்று தொடங்கும் வரிகளில் `metric` எண் எதற்குக் குறைவோ அதற்கே முதல் மரியாதை. எனக்குக் கம்பி 100, வைஃபை 600. இன்னொன்று, அடாப்டருக்கு வைஃபையிலிருந்து வேறான மேக் முகவரி இருப்பதால், ரவுட்டரில் லேப்டாப்புக்கு நிலையான ஐ.பி. ஒதுக்கி வைத்திருந்தால் இதற்கும் தனியாக ஒதுக்க வேண்டும். என் பகிர்வுக் கோப்புறை அரை மணி நேரம் கண்ணில் படாமல் போனது இதனால்தான்.

200 ஜிபி முப்பது நிமிடத்துக்குள் போய்ச் சேர்ந்தது. அந்த 11 மெகாபைட் வேகத்தில் விட்டிருந்தால் ஐந்து மணி நேரம் ஆகியிருக்கும். நான்கு ஒயர் கேபிளைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. டேப் சுற்றி ‘100 மட்டும்’ என்று எழுதி, பிரிண்டருக்கு மாட்டிவிட்டேன்.