ஹைப்ரிட் என்றால் வாரத்தில் எத்தனை நாள்?

நான் விழுப்புரத்தில் இருக்கிறேன். சாப்ட்வேர் டெஸ்டிங்கில் ஏழு வருட அனுபவம். அப்பா பக்கவாதத்தில் படுத்த பிறகு, வீட்டைச் சென்னைக்கு மாற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால் வேலை தேடும்போது சம்பளத்தைவிட எனக்கு முக்கியம் எங்கிருந்து வேலை பார்க்க வேண்டும் என்பதுதான்.

முதல் தடவை அதைக் கேட்காமல் ஏமாந்தேன். விளம்பரத்தில் 'ரிமோட்' என்று இருந்தது, நம்பிவிட்டேன். மூன்று சுற்று இன்டர்வியூ முடிய மூன்று வாரம் ஆனது. சம்பளம் பேசும் நாளில்தான் எச்.ஆர். சொன்னார்: "இப்போதைக்கு வீட்டிலிருந்துதான் மேடம். அடுத்த காலாண்டிலிருந்து வாரம் மூன்று நாள் சிறுசேரி ஆபீஸுக்கு வரணும்." என்னை முதலில் அழைத்த கன்சல்டன்சிப் பெண்ணிடம் கேட்டேன். அவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. கம்பெனி அனுப்பிய பழைய வேலை விவரத்தை அப்படியே போட்டிருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இத்தனை ரெஸ்யூம் அனுப்ப வேண்டும் என்பதுதான் அவருடைய கணக்கு. கேட்டால்தான் அவரும் கம்பெனியிடம் போய்க் கேட்பார்.

அதன் பிறகு 'இன்று மாலை ஒரு கால் பேசலாமா?' என்று யார் கேட்டாலும் இதைத்தான் அனுப்புகிறேன்:

"நன்றி. பேச ஆர்வமாக இருக்கிறேன். நான் விழுப்புரத்தில் இருப்பதால், பேசுவதற்கு முன் மூன்று விஷயம் தெரிந்தால் இருவருக்கும் நேரம் மிச்சம். வேலை முழுக்க ரிமோட்டா, ஹைப்ரிட்டா, ஆபீஸிலிருந்தா? ஹைப்ரிட் என்றால் வாரம் எத்தனை நாள், எந்த ஏரியா ஆபீஸ்? சேர்ந்த முதல் சில மாதங்களுக்கு வேறு ஏற்பாடு உண்டா?"

ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் சொல்கிறேன். காரணம் இல்லாமல் கேட்டால், ஆபீஸுக்கு வர விருப்பமில்லாதவர் என்று நினைத்துவிடுகிறார்கள். ஊரைச் சொன்னால் கேள்வி தானாகப் புரிகிறது.

பதில்களைப் படிக்கவும் பழகிக்கொண்டேன். "ஃப்ளெக்சிபிள்" என்று மட்டும் வந்தால் அது பதிலே இல்லை. யார் அனுமதிக்க வேண்டும், மேனேஜரா, கம்பெனி விதியா என்று திருப்பிக் கேட்பேன். "தற்போது வீட்டிலிருந்து" என்றால் 'தற்போது' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. எதுவரை என்று கேட்க வேண்டும். "காலில் சொல்கிறேன்" என்று இரண்டு முறை சொன்னால், பெரும்பாலும் அவருக்கே தெரியாது என்று அர்த்தம். பதிலே போடாதவர்களும் உண்டு. அது வருத்தம்தான், ஆனால் மூன்று வாரம் போவதற்கு இது மேல்.

இப்போது இருக்கும் வேலை இப்படிக் கேட்டுத்தான் அமைந்தது. "ஹைப்ரிட், சென்னை" என்று, என்னை அழைத்த கன்சல்டன்சிக்காரரிடமிருந்து பதில் வந்தது. எந்த ஏரியா என்று கேட்டேன், கிண்டி என்றார். எனக்கு அது பெரிய வித்தியாசம். விழுப்புரத்திலிருந்து தாம்பரம்வரை ரயில், அங்கிருந்து மின்சார ரயிலில் கிண்டி. சிறுசேரி என்றால் தாம்பரத்தில் இறங்கிய பிறகும் ரோட்டில் நெடுநேரம் போக வேண்டும், அது என்னால் முடியாது. வாரம் இரண்டு நாள், செவ்வாயும் வியாழனும் என்றார். செவ்வாய், புதன் என்று அடுத்தடுத்து வரலாமா என்று கேட்டேன். அப்படியானால் ஒரு ராத்திரி குரோம்பேட்டையில் அக்கா வீட்டில் தங்கிக்கொள்ளலாம், அப்பாவைத் தம்பி பார்த்துக்கொள்வான். அவர் மேனேஜரிடம் கேட்டு மறுநாள் "சரி" என்று மெயில் போட்டார். முதல் இரண்டு வாரம் மட்டும் ஐந்து நாளும் வர வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் காலுக்கு நேரம் கொடுத்தேன்.

ஆஃபர் லெட்டரில் 'வேலை இடம்: சென்னை' என்று மட்டும் இருந்தது. பணியிடத்தைக் கம்பெனி எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்ற வரியும் இருந்தது. அந்த வரியை எடுக்கச் சொன்னேன், முடியாது என்றார்கள். அப்புறம், செவ்வாய்-புதன் ஏற்பாட்டை மேனேஜரே ஒரு மெயிலில் எழுதித் தரும்படி கேட்டேன், தந்தார். அது ஒப்பந்தம் ஆகாது என்று தெரியும். மேனேஜர் மாறினால், பேச்சைத் தொடங்க என் கையில் ஒரு காகிதம் இருக்கும், அவ்வளவுதான். அதைப் பார்த்த பிறகுதான் பழைய வேலையில் ராஜினாமா கொடுத்தேன்.