செய்முறைத் தேர்வில் ஃப்ளோட் சுவிட்ச்: ஒயரை எங்கே சேர்ப்பது?

தஞ்சாவூரில் ஐடிஐ எலக்ட்ரீஷியன் படித்தபோது, செய்முறைத் தேர்வில் எனக்கு வந்தது டிஓஎல் ஸ்டார்ட்டரோடு மேல்தொட்டி ஃப்ளோட் சுவிட்சை இணைக்கும் வேலை. படம் வரைவது எல்லோருக்கும் கைவரும். "தொட்டி காலியானதும் மோட்டார் தானாக ஓடுமா?" என்று தேர்வாளர் கேட்கும்போதுதான் பலர் திணறுகிறார்கள்.

முதலில் ஃப்ளோட்டைக் கையில் எடுத்துச் சோதியுங்கள். அதில் பெரும்பாலும் மூன்று ஒயர் இருக்கும். ஒன்று பொது ஒயர், மற்ற இரண்டில் ஒன்று மிதவை தொங்கும்போது சேரும், இன்னொன்று மேலே எழும்பும்போது சேரும். நிறத்தை நம்ப வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மல்டிமீட்டரை கண்டினியூட்டியில் வைத்து, மிதவையைத் தொங்கவிட்டுப் பாருங்கள். எந்த ஜோடிக்கு பீப் வருகிறதோ, அதுதான் மேல்தொட்டியை நிரப்புவதற்கு. மற்ற ஜோடி சம்ப்புக்கு உதவும், சம்ப்பில் தண்ணீர் இல்லாவிட்டால் மோட்டாரை நிறுத்த.

இனி ஸ்டார்ட்டர். காயில் 240 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம் (லேபிளைப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும், 415 வோல்ட் காயிலும் உண்டு). ஃபேஸ் ஓவர்லோடு ரிலேயின் 95, 96 வழியாக வந்து, சிவப்புப் பொத்தான், பச்சைப் பொத்தான் கடந்து A1-க்குப் போகும். A2 நியூட்ரலுக்கு. பச்சைப் பொத்தானுக்கு இணையாக 13, 14 என்ற ஹோல்டிங் கான்டாக்ட் இருக்கும். விரலை எடுத்த பிறகும் மோட்டார் ஓடுவது அதனால்தான்.

ஃப்ளோட்டை சிவப்புப் பொத்தானோடு தொடராகச் சேர்த்தால், தொட்டி நிரம்பியதும் காயில் விடும், மோட்டார் நிற்கும். ஆனால் தண்ணீர் இறங்கி ஃப்ளோட் மறுபடி சேரும்போது 13, 14 திறந்தே கிடக்கும். யாராவது பச்சையை அழுத்தினால்தான் ஓடும். சரி, பச்சைப் பொத்தானுக்கு இணையாகப் போட்டால்? தானாக ஓடும், நிற்காது. ஃப்ளோட் திறந்தாலும் ஹோல்டிங் கான்டாக்ட் காயிலைப் பிடித்துக்கொண்டே இருக்கும். பக்கத்து மேஜைக்காரர் இப்படித்தான் கொடுத்திருந்தார். மிதவையைத் தூக்கினார்கள், மோட்டார் சுற்றிக்கொண்டே இருந்தது.

இரண்டும் தானாக நடக்க வேண்டுமென்றால் மூன்று நிலை செலக்டர் சுவிட்ச் வேண்டும். சிவப்புப் பொத்தானுக்கு அடுத்து அதன் பொது முனை. 'மேனுவல்' பக்கம் பச்சைப் பொத்தானுக்கும் ஹோல்டிங் கான்டாக்ட்டுக்கும் போகும். 'ஆட்டோ' பக்கம் ஃப்ளோட் வழியாக நேரே A1-க்கு. நடுவில் ஆஃப். இந்த ஆஃப் எதற்கு என்பதும் வைவாவில் வரும். ஆட்டோவில் சிவப்பை அழுத்தினால் மோட்டார் நிற்கும், விரலை எடுத்தால் மறுபடி ஓடும். ஓவர்லோடு ரிலே எந்த நிலையிலும் பாதையில் இருந்தாக வேண்டும், அதுவும் கையால் ரீசெட் செய்யும் நிலையில்.

காவிரி டெல்டாவில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். மும்முனை மின்சாரம் போய்த் திரும்பும்போது, ஆட்டோவில் இருக்கிற போர்வெல் மோட்டார் ஆளில்லாமலே ஓடத் தொடங்கும். ஒரு ஃபேஸ் வராமல் இருந்தால் மோட்டார் கருகும். அதனால் ஒற்றை ஃபேஸ் தடுப்பானின் கான்டாக்ட்டையும் ஓவர்லோடு ரிலேயோடு தொடராகச் சேர்ப்பேன் என்று சொல்லுங்கள்.

பொருத்தும் இடத்துக்கு வருவோம். கேபிளில் ஓர் எடைக்கட்டி நகரும். அதற்கும் மிதவைக்கும் உள்ள கேபிள் நீளம்தான் எவ்வளவு தண்ணீர் இறங்கிய பிறகு மோட்டார் ஓட வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. 25 செ.மீ. விட்டால், நிற்கும் மட்டத்துக்கும் ஓடும் மட்டத்துக்கும் ஏறக்குறைய 35 செ.மீ. இடைவெளி கிடைக்கும். ஒரு மீட்டர் அகலமுள்ள சாதாரண 1000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியில் அது சுமார் 275 லிட்டர். நீளத்தைக் குறைத்துவிட்டால் ஒரு வாளி தண்ணீர் எடுத்தாலே மோட்டார் ஓடும். ஒவ்வொரு முறையும் ஓட்டத் தொடக்கத்தில் பலமடங்கு மின்னோட்டம் இழுப்பதால் வைண்டிங்தான் சூடாகும்.

மோட்டார் நிற்கும் மட்டம் வழிந்தோடும் குழாய்க்குப் பத்து செ.மீ. கீழே இருக்கட்டும். தண்ணீர் விழும் குழாய்க்கு எதிர்ப் பக்கமாக மிதவையைத் தொங்கவிடுங்கள். கீழே விழும் தண்ணீர் மிதவையை ஆட்டினால் கான்டாக்டர் டக் டக் என்று அடிக்கும், சத்தத்திலேயே தெரிந்துவிடும். கேபிள் ஜாயின்ட் தொட்டிக்குள் வரவே கூடாது, வெளியே மழை படாத பெட்டியில்தான். தண்ணீருக்குள் 240 வோல்ட் இறங்குகிறது என்பதால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் மின்சாரம் கொடுக்காதீர்கள். 415 வோல்ட் காயிலாக இருந்தால் ஃப்ளோட்டை நேரடியாகச் சேர்க்காமல், 24 வோல்ட் ரிலே ஒன்றை இடையில் வைப்பதுதான் சரி.

சம்ப்பும் இருந்தால், அதன் ஃப்ளோட்டை மேல்தொட்டி ஃப்ளோட்டோடு தொடராக, ஆட்டோ பாதையிலேயே சேருங்கள். மேனுவலிலும் அந்தக் காவல் வேண்டுமென்றால் செலக்டருக்கு முன்னால், சிவப்புப் பொத்தானை ஒட்டி. வீட்டு வேலையென்றால் நான் இரண்டாவதைத்தான் செய்வேன். மேனுவலில் போட்டுவிட்டு மறந்துபோகிறவர்கள்தான் அதிகம்.