அலை ஆலையாகிய கதை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் வேலை பார்க்கும் சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில், புதுச்சேரியிலிருந்து வந்திருந்த பாடகி அக்கா பல்லவியின் முதல் வரியை இரண்டு முறை பாடிவிட்டு ஹெட்ஃபோனைக் கழற்றினார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த எங்களைப் பார்த்து, “தம்பி, இது எந்த ஆலை? நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையா?” என்று கேட்டார். அவர் கேலியாகக் கேட்கவில்லை. கையிலிருந்த தாளில் ‘அலையே அலையே எங்கே’ என்று தெளிவாக எழுதியிருந்தது. அதை அவர் மெட்டில் வைத்துப் பாடியபோது ‘ஆலையே ஆலையே எங்கே’ என்றுதான் எல்லார் காதிலும் விழுந்தது. பாட்டை எழுதிய என் நண்பன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். அது அவன் எழுதிய முதல் பாட்டு.

அந்தத் தாளை ஒரு வாரத்துக்கு முன்பே அவன் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தான். ஒரு பக்திப் பாடல் தொகுப்பின் மிக்ஸிங் வேலை தலைக்கு மேல் இருந்த நேரம் அது. ஒருமுறை கண்ணை ஓட்டிவிட்டு, ‘சூப்பர்டா, நல்லா இருக்கு’ என்று பதில் போட்டேன். பதினைந்து ஆண்டுகளாக ஒலிப்பதிவில் இருப்பவன் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டானே என்ற நம்பிக்கையில்தான், அவன் தன் சம்பளத்திலிருந்து ஒரு தொகையை ஒதுக்கி அக்காவை வரவழைத்திருந்தான். ஆகவே அன்று கண்ணாடிக்குப் பின்னால் அவன் பட்ட கூச்சத்தில் பாதிக்கும் மேல் என் கணக்கில் எழுத வேண்டியது. அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுப் பதிவை இன்னொரு நாளைக்கு மாற்றிவிட்டு, மாலையில் அவனைத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு அழைத்துக்கொண்டு போனேன். நான்கு பேர் முன்னிலையில் பாட்டைப் பிரித்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

போனதும் தாளை வாங்கி என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கண் எப்போதும் எழுதியவனுக்குச் சாதகமாகத்தான் படிக்கும். எந்த எழுத்தை எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்பதைத் தன் வசதிக்கு அது முடிவு செய்துகொள்ளும். ஆனால் மெட்டுக்கு அந்தத் தயவு கிடையாது. எங்கள் கீபோர்டு வாசிப்பவர் கொடுத்திருந்த மெட்டில் முதல் வரி எட்டு எண்ணிக்கை. தத்தகாரத்தில் சொன்னால் ‘தானன தானன தானா’. இதில் முதல் ‘தா’ இரண்டு எண்ணிக்கை நிற்கும்; அடுத்த இரண்டு ‘ன’வும் சேர்ந்து ஒரு எண்ணிக்கைக்குள் ஓடிவிடும். அதே போல் இன்னொரு ‘தானன’ வந்த பின், கடைசி ‘தானா’ இரண்டு எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 80 என்று வேகத்தை வைத்திருந்ததால், அந்த ‘தா’ சரியாக ஒன்றரை விநாடி நிற்கும்.

பைக் சீட்டில் விரலால் எட்டு தட்டச் சொல்லி, அவனையே பாட வைத்தேன். மூன்றாவது சுற்றில் அவனே நிறுத்தினான். “‘அ’வை ஒன்றரை செகண்ட் பிடிச்சா ‘ஆ’ ஆயிடுதுடா” என்றான். அவன் செய்த பிழை, மெட்டுக்கு முதன்முதலாக எழுதுகிற பலரும் செய்வது. ‘தானன’ மூன்று எழுத்து, ‘அலையே’ மூன்று எழுத்து என்று எண்ணிக்கையைச் சரிபார்த்தவன், எடையைப் பார்க்கவில்லை. பள்ளியில் மனப்பாடம் செய்த குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்ற கணக்கு தேர்வோடு முடிந்துபோவதில்லை. நம் மொழியில் குறிலை நீட்டினால் ஓசை மட்டும் மாறாது, சொல்லே மாறிவிடும். படம் பாடமாகும், மலை மாலையாகும், விடு என்பது வீடு ஆகும். அலை ஆலையானதும் அப்படித்தான். நெல்லிக்குப்பம் பக்கத்தில் இருக்கும் ஊரில், ஆலை என்று காதில் விழுந்த பிறகு கடலுக்குத் திரும்புவது கடினம்.

இதை மீற முடியாத சட்டமாகச் சொல்லவில்லை. பழகிய பாடகர்கள் குறிலைச் சட்டென்று தொட்டுவிட்டு, அடுத்த எழுத்தில் நீட்டலை ஏற்றிச் சமாளிப்பார்கள். வரியின் நடுவில் வரும் சொல் என்றால், முன்னால் வந்த சொற்களே பொருளைக் காப்பாற்றிவிடும். ஆனால் இங்கே அது பாட்டின் முதல் சொல். கேட்பவருக்கு முன்பின் எதுவும் தெரியாது. அதையும் இருமுறை அடுக்கி வைத்திருந்தான்.

இரண்டாம் வரி ‘கண்ணுறங்காமல் காத்திருந்து’. கடைசி ‘து’வுக்கு முன்னால் உள்ள எட்டு அசைகளும் முதல் நான்கு எண்ணிக்கைக்குள் தாராளமாக உட்கார்ந்துவிட்டன. மீதி நான்கு எண்ணிக்கை, அதாவது மூன்று விநாடி, அந்த ‘து’வின் தலையில் விழுந்தது. அது குற்றியலுகரம், தனக்குரிய ஒரு மாத்திரையே பாதியாகக் குறைந்து ஒலிக்கிற எழுத்து. அதைப் போய் மூன்று விநாடி இழுக்கச் சொன்னால் ‘காத்திருந்தூ…’ என்று வரும். தூ என்பது நம் ஊரில் எதற்கு வரும் ஓசை என்று நான் விளக்க வேண்டியதில்லை. அவனே பாடிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அன்று மாலை அவன் சிரித்தது அப்போதுதான் முதல் முறை.

இந்த இடத்தில் எனக்குள் ஒரு அரிப்பு எழுந்தது. இரண்டு வரிக்கும் மாற்று என் நாக்கு நுனியில் வந்து நின்றது. சொல்லிவிட்டால் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். ஆனால் பாட்டு பாதி என்னுடையதாகிவிடும். அடுத்த மெட்டு வரும்போது அவன் மறுபடியும் எழுத்தைத்தான் எண்ணுவான். ஆகவே எந்த இடத்தில் வாய் தடுக்குகிறது, ஏன் தடுக்குகிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். இரண்டாம் வரிக்கு அவனுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. ‘காத்திருந்தேன்’ என்று மாற்றிப் பாடினான். ‘தே’ நெடில் என்பதால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கும், முடிவில் ‘ன்’ அதை மென்மையாக மூடிவிடும். முதல் வரிக்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டான். ‘நீரலை நீரலை எங்கே’ என்று ஒன்று அனுப்பினான். ஓசை கச்சிதம், ஆனால் யாரும் அப்படிப் பேசுவதில்லை என்று அவனே அடுத்த செய்தியில் அடித்துவிட்டான். மூன்றாம் நாள் இரவு, ‘காலையில் போனவர் எங்கே’ என்று வந்தது. கா, போ இரண்டும் நெடில். நீட்டினாலும் பொருள் அசையாது. அதோடு, கடலைப் பார்த்துப் பொதுவாகப் புலம்பிக்கொண்டிருந்த வரி, ஒரு வீட்டு வாசலில் நின்று ஒருத்தி கேட்கும் கேள்வியாகிவிட்டது. இது எனக்குத் தோன்றியிருக்காது.

கடற்கரையில் நான் சொன்ன மற்றொன்று குறை அல்ல. நண்பன் வேலை பார்ப்பது கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ஓர் ஐஸ் கம்பெனியில். அவனுடைய சரணத்தில் நிலவும் மலரும் தேவதையும் வரிசையாக வந்துபோயின. அவற்றுக்கு நடுவே, மூன்றாம் வரியாக, இது ஒளிந்திருந்தது:

‘ஐஸு கரையுமுன்னே ஆளு கரை சேரணும்’.

“நல்லா இருக்கு” என்று சொல்லி ஒருமுறை அவனை ஏமாற்றியிருந்ததால், இந்த முறை எது நன்றாக இருக்கிறது என்பதைப் பிரித்துச் சொன்னேன். கரைவதும் கரையும் ஒரே வரியில் எதிரெதிராக நிற்கின்றன. ஐகாரத்துக்கு ஆகாரம் மோனையாகும் என்பது இலக்கணம். அவன் அறியாமலே ‘ஐஸு’ம் ‘ஆளு’ம் மோனையாக அமைந்திருக்கின்றன. இவற்றைவிட முக்கியம், படகில் ஏற்றிய ஐஸ் எத்தனை நாள் தாங்குமோ அத்தனை நாள்தான் பிடித்த மீனும் தாங்கும் என்பதை அன்றாடம் பார்க்கிறவனால் மட்டுமே எழுத முடிகிற வரி இது. தேவதையை யார் வேண்டுமானாலும் எழுதலாம். “இதைப் பாடுறது யாரு, காத்திருக்கிற பொண்ணா, ஐஸ் ஏத்தினவனா?” என்று மட்டும் கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வடிவத்தில் நிலவு, மலர், தேவதை மூன்றும் காணாமல் போயிருந்தன; சரணம் முழுவதும் அந்தப் பெண்ணின் குரலிலேயே இருந்தது.

நான் தப்பாகச் சொன்னதும் ஒன்று உண்டு. பல்லவியில் ‘காத்திருந்தேன்’ என்று எழுத்து வழக்கு இருக்கும்போது, சரணத்தில் ‘ஆளு’, ‘சேரணும்’ என்ற பேச்சு வழக்கு ஒட்டவில்லை, ஒரே நடையாக்கு என்று வற்புறுத்தினேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. “நீயே பாடிப் பாருடா” என்றான். ‘ஆள் கரை சேர வேண்டும்’ என்று பாடினேன். துறைமுகத்து அறிவிப்புப் பலகையைப் படிப்பது போல இருந்தது. அவனுக்குச் சொன்ன பாடத்தை நானே மறந்திருக்கிறேன்.

இரண்டாம் பதிவுக்கு முன்பு நாங்கள் ஒரு சோதனை வைத்தோம். தாளைப் பார்த்தே இராத ஒருவருக்குப் பாட்டைப் போட்டுக் காட்டி, காதில் விழுவதை அப்படியே எழுதச் சொல்வது. எங்கு மெட்டு சொல்லை விழுங்குகிறது என்பதைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. எழுதியவனுக்கும் எனக்கும் வரிகள் மனப்பாடமாகிவிட்டதால் எங்கள் காது இனி இதற்குப் பயன்படாது. என் போனில் நண்பனே பாடிப் பதிந்ததை, கூடத்தில் ஒயர் வேலைக்கு வந்திருந்த எலக்ட்ரீஷியன் தம்பியிடம் கொடுத்தோம். அவர் பல்லவி முழுவதையும் பிழையில்லாமல் எழுதினார். சரணத்தில் ஒரே ஒரு இடத்தில், ‘வயசு கரையுமுன்னே ஆளு கரை சேரணும்’ என்று எழுதியிருந்தார்.

நான் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். காத்திருக்கும் பெண்ணின் வாயில் அது இன்னும் பொருத்தமாகக்கூட இருந்தது. அப்படியே வைத்துக்கொள்ளலாமே என்று அவனிடம் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். “நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் ஏத்துறது ஐஸுதானே?” என்றான். பிறகு அதற்கு முந்தைய வரியில் ‘பெட்டி’ என்ற சொல்லைக் கொண்டுவந்து வைத்தான். அக்கா வந்ததும் அவனே மைக் அருகில் போய், ‘ஐ’யை இழுக்காமல் வெட்டிப் பாடும்படி கேட்டுக்கொண்டான். அவர் பாட ஆரம்பித்தபோது, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவன் விரல் தொடையில் எட்டு எண்ணிக்கொண்டிருந்தது.