குண்டூசி பட்டும் கூசாத தேமல்

திருப்பாதிரிப்புலியூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். 2023 ஜூன், பள்ளிக்கூடம் திறக்கும் சமயம். என் மகளுக்கு அப்போது பதினொரு வயது. புதுச் சீருடையைப் போட்டு நிற்கவைத்து, கையளவு சரியா என்று குண்டூசி குத்திக்கொண்டிருந்தேன். ஊசி வழுக்கி அவள் இடது முழங்கைக்குச் சற்றுக் கீழே கீறிவிட்டது. நான்தான் பதறினேன். அவள் வாசலில் போன பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீறிய இடத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு தேமல். புதிது இல்லை. பங்குனியிலேயே பார்த்திருந்தோம். பூச்சித் தேமல் என்றார் என் அம்மா. மருந்துக் கடையில் காட்டியபோது பூஞ்சைக்குப் போடும் களிம்பு கொடுத்தார்கள். மூன்று வாரம் தடவியும் அது அப்படியே இருந்தது. அரிப்போ வலியோ இல்லாததால் நாங்களும் விட்டுவிட்டோம். வலிக்காததால்தான் கவலைப்பட்டிருக்க வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அன்று ராத்திரி விளக்கடியில் கையைப் பிடித்து நன்றாகப் பார்த்தேன். சாதாரணத் தேமலில் தவிடு மாதிரி உதிரும், இதில் உதிரவில்லை. வெண்புள்ளி பால் வெள்ளையாக இருக்கும், இது வெளிறிய செம்மண் நிறம். தோல் வறண்டிருந்தது, ரோமமும் குறைவு. அவளைக் கண்ணை மூடச் சொல்லி நூல் முனையால் அங்கங்கே தொட்டேன். சுற்றிலும் தொட்டால் "இங்கே" என்றாள். தேமலின் நடுவில் தொட்டபோது பேசாமல் இருந்தாள். "அப்பா, தொட்டியா இல்லையா?" என்று கேட்டாள். பேருந்து நிலையச் சுவரில் 'உணர்ச்சியற்ற தேமல்' என்று எழுதியிருப்பதை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். அது என் வீட்டுக்கு எழுதியது என்று தோன்றியதே இல்லை.

காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். அங்கிருந்து மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே டாக்டரம்மா செய்ததைத்தான் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன், ஏனென்றால் ஊசியோ ஸ்கேனோ எதுவும் தேவைப்படவில்லை. ஒரு பேனா எடுத்தார். முதலில் கண்ணைத் திறந்தபடியே நல்ல தோலில் தொட்டு, "தொட்டதும் அந்த இடத்தை விரலால் காட்டணும்" என்று பழக்கினார். பிறகுதான் கண்ணை மூடச் சொன்னார். பழக்காமல் தொட்டால் குழந்தைகள் பயத்தில் ஊகித்துச் சொல்லிவிடுவார்களாம். தேமலுக்குள் நான்கு முறை தொட்டதில் ஒன்றைக்கூட அவள் காட்டவில்லை.

அடுத்து முழங்கையின் உட்புறம், தெரியாமல் இடித்துக்கொண்டால் சுர்ரென்று விரல் வரை இழுக்குமே, அந்த நரம்பை இரண்டு கையிலும் ஒரே நேரத்தில் தடவி ஒப்பிட்டுப் பார்த்தார். தடித்திருக்கிறதா, அழுத்தினால் வலிக்கிறதா என்று அவள் முகத்தையே கவனித்தார். சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவே ஒரு காகிதத்தைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்லி இழுத்தார். பலம் சரியாக இருந்தது. திரைக்குப் பின்னால் ஒரு நர்ஸ் அவளுடைய முதுகு, தொடை எல்லாம் பார்த்து வேறு தேமல் இல்லை என்றார்.

"தொழுநோய்தான். ஆரம்பம். முழுசாகக் குணமாகும்," என்றார் டாக்டர். முதல் சொல்லுக்கு அப்புறம் எனக்கு எதுவும் காதில் விழவில்லை. என் மனைவி, "பள்ளிக்கூடம்?" என்றாள். "நாளைக்கே அனுப்புங்க. தட்டு, பாய் எதையும் பிரிக்காதீங்க" என்றார் அவர். மருந்து தொடங்கிவிட்டால் மற்றவருக்குப் பரவாது. பெரும்பாலானவர்களின் உடம்பே இந்தக் கிருமியை எதிர்த்துவிடும் என்றும் விளக்கினார். யாரிடமிருந்து வந்தது என்று நான் துருவினேன். கிருமி உடம்பில் புகுந்து தேமல் தெரிய மூன்று, ஐந்து வருஷம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும், தேடிப் பயனில்லை என்றார்.

ஐந்து தேமல் வரை இருந்தால் ஆறு மாதச் சிகிச்சை, அதற்கு மேல் என்றால் ஒரு வருஷம். அவளுக்கு ஆறு மாதம், ஆறு அட்டை. மருந்துக்குக் காசில்லை. ஒவ்வொரு அட்டையும் 28 நாளுக்கு. முதல் நாள் ரிஃபாம்பிசின் மாத்திரைகளை ஊழியர் முன்னாலேயே விழுங்க வேண்டும், டாப்சோன் மட்டும் தினமும் வீட்டில். (2025 ஏப்ரல் முதல் இந்த வகைக்கும் குளோஃபசிமின் சேர்த்து மூன்று மருந்து.) ரிஃபாம்பிசின் போட்ட அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அதனால் அவள் கழிவறையிலிருந்து கூப்பிட்டபோது நான் கலங்காமல் பதில் சொல்ல முடிந்தது. டாப்சோன் ரத்தத்தைக் குறைக்கலாம் என்பதால் ஹீமோகுளோபின் பார்த்தார்கள். உடம்பில் தடிப்போ காய்ச்சலோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வரச் சொன்னார்கள். வீட்டில் எங்கள் நாலு பேரையும் பரிசோதித்து, தேமல் இல்லை என்று உறுதி செய்தபின் தடுப்புக்காக ஆளுக்கு ஒரே ஒரு தவணை ரிஃபாம்பிசின் கொடுத்தார்கள். அம்மா அன்று முழுக்கப் பேசவே இல்லை. சாயங்காலம் பேத்திக்குத் தலை பின்னிவிட்டார். எனக்கு அது போதுமாயிருந்தது.

நான்காவது அட்டையில் சோதனை வந்தது. ஒரு நாள் காலையில் தேமல் சிவந்து உப்பியிருந்தது. முழங்கையைத் தொட்டால் கத்தினாள். சுண்டுவிரல் மதமதவென்று இருக்கிறது என்றாள். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திவிடலாம் என்றார்கள் வீட்டில். வந்திருந்தது தடிப்போ காய்ச்சலோ இல்லை, அதனால் எனக்கு நிறுத்த மனம் வரவில்லை. காகிதத்தை விரலிடுக்கில் கொடுத்து இழுத்துப் பார்த்தேன், எளிதாக வந்துவிட்டது. கடையை மூடிவிட்டு அன்றே கூட்டிப்போனேன்.

அது நோய் முற்றியதல்ல. கிருமிகளை உடம்பு எதிர்க்கும்போது நரம்பும் சேர்ந்து வீங்குகிறது. ரியாக்ஷன் என்கிறார்கள். சிகிச்சையின் நடுவிலும் வரலாம், முடிந்த பிறகும் வரலாம். வீக்கம் தணியாவிட்டால் நரம்பு செத்துப்போகும். விரல் மடங்கிப்போவது பெரும்பாலும் இப்படி நாள் கடத்துவதால்தான் என்றார் டாக்டர். பிரெட்னிசோலோன் தொடங்கி, படிப்படியாகக் குறைத்துப் பன்னிரண்டு வாரம் கொடுத்தார்கள். கூட்டு மருந்தை ஒரு நாளும் நிறுத்தவில்லை. அந்த ஸ்டீராய்டையும் நாமாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. கைக்கு ஓய்வு தரச் சொன்னார்கள், புத்தகப் பையை நான் சுமந்தேன். ஐந்தாவது வாரம் காகிதம் மறுபடி இறுக நின்றது.

கார்த்திகையில் ஆறாவது அட்டை முடிந்தது. தேமல் மறையவில்லை. மங்கலாக இன்னும் இருக்கிறது. கிருமி போனாலும் நிறமும் உணர்ச்சியும் மெதுவாகத்தான் திரும்பும், சிலருக்குக் கொஞ்சம் தங்கியும் விடும், அதற்காக மருந்தை நீட்ட வேண்டியதில்லை என்றார்கள். அடுப்படியில் மட்டும் இடது கையைப் பார்த்து வைக்கச் சொல்லியிருக்கிறோம்.

மறு ஜூனில் ஏழாம் வகுப்புச் சீருடை. ஊசி குத்துவதற்கு முன் அவளே கண்ணை மூடிக் கையை நீட்டினாள். நூல் முனையால் ஆறு இடம் தொட்டேன். நான்கைச் சரியாகக் காட்டினாள். ஐந்தாவதில் கொஞ்சம் தடுமாறி, "ஏதோ ஊர்ற மாதிரி இருக்குப்பா" என்றாள். நடுப்புள்ளி மட்டும் இன்னும் தெரியவில்லை. அளவு நோட்டில் தேதி போட்டுக் குறித்துவைத்தேன்.