உமியும் அரிசியும்: ஒரு மஞ்சள்காமாலை ரிப்போர்ட்டின் ஆறு மாதம்

ஜூன் 12, அம்பாசமுத்திரம்

காலையிலிருந்து சாரல். கடையைத் திறந்ததும், லேப்பைத்தான் கடை என்று சொல்லிப் பழகிவிட்டது, கல்லிடைக்குறிச்சியிலிருந்து அப்பளம் லோடு ஏற்றும் தம்பி ஒருவர் மனைவியோடு வந்தார். வயது 31. கண் இரண்டும் மஞ்சள். பத்து நாளாகச் சோறு இறங்கவில்லை, ஒரு வாரமாகக் கீழாநெல்லி அரைத்துக் குடிக்கிறார். வேறொரு லேப்பில் கார்டு டெஸ்ட் போட்டு, ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதோடு விடாமல் வாயாலும் ஒன்று சொல்லிவிட்டார்கள். "யக்கா, இது ஆயுசுக்கும் போகாதாம்லா? அப்படித்தான் சொல்லுதாவ. துபாய்க்கு மெடிக்கல் எடுக்கணும், அதுவும் போச்சா?" கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபமாக வந்தது. அந்தக் கார்டு காட்டுவது சர்ஃபேஸ் ஆன்டிஜன் என்ற ஒன்றை மட்டும். வைரஸ் இப்போது உடம்பில் இருக்கிறது என்பதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. போன மாதம் வந்ததா, முப்பது வருடமாக இருக்கிறதா என்று அந்தக் கோடு சொல்லாது.

ரத்தம் எடுத்து சென்ட்ரிஃபியூஜில் சுற்றியபோது மேலே நின்ற சீரம் மஞ்சள்பொடி கரைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. மஞ்சளின் அளவைக் காட்டும் பிலிருபின் 9.2, ஈரல் அடிபட்டால் ஏறும் எஸ்ஜிபிடி 1640, இரண்டுமே எக்கச்சக்கம். தொற்று புதிதா பழசா என்று பார்க்க உதவும் கோர் ஐஜிஎம் டெஸ்டுக்கான மெஷின் எங்களிடம் இல்லை, அதனால் ஐஸ் பெட்டியில் வைத்துப் பாளையங்கோட்டைக்கு மதிய பஸ்ஸில் அனுப்பியாயிற்று.

ஜூன் 14

ரிப்போர்ட் வந்தது. சர்ஃபேஸ் ஆன்டிஜன் பாசிட்டிவ், கோர் ஐஜிஎம்மும் பாசிட்டிவ். ஐஜிஎம்முக்கு 1-க்கு மேல் போனாலே பாசிட்டிவ் என்று கணக்கு, இவருக்கு 28.

அவருக்குப் புரிகிற மாதிரி நெல்லை வைத்துச் சொன்னேன். இந்த வைரஸ் ஒரு நெல்மணி என்றால் சர்ஃபேஸ் ஆன்டிஜன் அதன் உமி, கோர் என்பது உள்ளே இருக்கும் அரிசி. அரிசியைப் பார்த்ததும் உடம்பு முதலில் உண்டாக்கும் ஆன்டிபாடிதான் ஐஜிஎம். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் அது அடங்கிப் போய்விடும், அதனால் அது பலமாக இருந்தால் தொற்று புதிது என்று பொருள். பெரியவர்களுக்குப் புதிதாக வந்தால் 100 பேரில் 95 பேருக்கு மேல் தானாகவே வைரஸ் போய்விடும். ஆயுசுக்கும் தங்குவது பெரும்பாலும் பிறக்கும்போது தாயிடமிருந்து வாங்கியவர்களுக்கு, அங்கே கணக்கு தலைகீழ், 100-க்கு 90 பேருக்குத் தங்கிவிடும்.

ஆனால் இதிலும் ஒரு வழுக்கல் உண்டு. பல வருடமாக வைரஸ் இருப்பவருக்குத் திடீரென்று ஈரல் கொதித்து மஞ்சள்காமாலை வந்தாலும் ஐஜிஎம் லேசாகத் தலைகாட்டும். 28 என்பது லேசு இல்லைதான், இருந்தாலும் ஆறு மாதம் கழித்து ஆன்டிஜன் போயிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடித்துச் சொல்லலாம். டாக்டரும் அதையேதான் சொன்னார்.

ஜூன் 20

வீட்டில் எல்லாருக்கும் பார்க்கச் சொல்லி டாக்டர் எழுதியிருந்தார். அம்மாவைக் கூட்டி வந்திருந்தார்கள், வயது 56. "நான் நல்லாத்தான இருக்கேன் தாயி, எனக்கு எதுக்கு ஊசி?" என்று கையை நீட்டவே யோசித்தார்.

அவருக்கு ஆன்டிஜன் பாசிட்டிவ். எஸ்ஜிபிடி வெறும் 24. கோர் ஐஜிஎம் நெகட்டிவ், ஆனால் மொத்தக் கோர் ஆன்டிபாடி பாசிட்டிவ். மொத்தம் என்றால் புதுசும் பழசும் சேர்த்து. புதுசு இல்லை, பழசு இருக்கிறது, உமியும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது என்றால், இது நாள்பட்ட தொற்றாகத்தான் இருக்க வேண்டும். நோய் ஒன்றுதான், கார்டில் விழும் கோடும் ஒன்றுதான், ஆனால் மகனுடையது அநேகமாக வந்து போகிற விஷயம், அம்மாவுடையது கூடவே இருந்து வருகிற விஷயம். உடம்புக்கு ஒன்றும் இல்லாதவருக்குத்தான் இங்கே அதிகக் கவனம் வேண்டும் என்பதை வீட்டாருக்குப் புரியவைக்கத்தான் நேரம் பிடித்தது.

யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று மைனி ஒருத்தி கேட்டார். இந்த டெஸ்ட் அதைச் சொல்லாது என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

மனைவிக்கு, உமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் சர்ஃபேஸ் ஆன்டிபாடி 310, ஆன்டிஜன் நெகட்டிவ், கோர் நெகட்டிவ். நர்சிங் படித்தபோது மூன்று தடுப்பூசி போட்டதாகச் சொன்னார், ரிப்போர்ட்டும் அதற்கு ஒத்துப்போகிறது.

செப்டம்பர் 2

பன்னிரண்டு வாரம் ஆகிறது. கண் வெளுத்துவிட்டது, வண்டியும் ஓட்டுகிறார். இன்று ஆன்டிஜன் நெகட்டிவ். தம்பிக்கு முகமெல்லாம் சிரிப்பு, கீழாநெல்லிதான் காப்பாற்றியது என்றார். நான் மறுத்துப் பேசவில்லை, ஆனால் இங்கே எழுதி வைக்கிறேன்: குடிக்காமல் இருந்திருந்தாலும் அநேகமாகப் போயிருக்கும்.

இன்று சொல்ல வேண்டியது வேறு. சர்ஃபேஸ் ஆன்டிபாடியும் பார்த்தேன், 3-தான். 10 இருந்தால்தான் பாதுகாப்பு என்று கணக்கு. அதாவது வைரஸின் உமியும் கண்ணில் படவில்லை, உமிக்கு எதிரான ஆன்டிபாடியும் இன்னும் வந்து சேரவில்லை. இந்த இடைவெளிக்கு விண்டோ பீரியட் என்று பெயர். இந்த இரண்டு டெஸ்ட் மட்டும் போட்டு யாராவது பார்த்தால், இந்த மனிதனுக்கு நோயே வந்ததில்லை, தடுப்பூசியும் போட்டதில்லை என்று எழுதிவிடுவார்கள். ஜூனில் அவர் எங்கேயும் போகாமல் வீட்டில் படுத்திருந்து இன்றைக்குத்தான் முதல்முறையாக இந்த இரண்டு டெஸ்டுக்கு மட்டும் வந்திருந்தால், அந்த மஞ்சள்காமாலை எதனால் வந்தது என்றே யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். காட்டிக் கொடுத்தது கோர்தான்: மொத்தம் பாசிட்டிவ், ஐஜிஎம்மும் இன்னும் பாசிட்டிவ், ஆனால் 28-லிருந்து 6-க்கு இறங்கியிருக்கிறது.

மெடிக்கலுக்கு இப்போதே போகட்டுமா என்று கேட்டார். டிசம்பரில் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்றேன். மனசில்லாமல் சரி என்றார்.

டிசம்பர் 22

ராத்திரி முழுக்க மழை, ஆற்றில் தண்ணீர் சிவந்து ஓடுகிறது. அம்மா, மகன், மருமகள் மூன்று பேரும் குடையோடு வந்தார்கள்.

மகனுக்கு ஆன்டிஜன் நெகட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ், மொத்தக் கோர் பாசிட்டிவ், சர்ஃபேஸ் ஆன்டிபாடி 64. குணமாகிவிட்டார், இனி தயங்காமல் எழுதலாம். அவருடைய ரிப்போர்ட்டையும் மனைவியின் பழைய ரிப்போர்ட்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இரண்டு பேருக்கும் சர்ஃபேஸ் ஆன்டிபாடி இருக்கிறது. தடுப்பூசியில் இருப்பது உமி மட்டும், அதனால் மனைவியின் உடம்பு அரிசியைப் பார்த்ததே இல்லை, அவருக்குக் கோர் நெகட்டிவ். இவர் முழு நெல்லையும் பார்த்தவர், அந்தக் கோர் ஆன்டிபாடி அநேகமாகக் கடைசி வரை இருக்கும்.

அம்மாவுக்கு ஆன்டிஜன் இன்றும் பாசிட்டிவ். ஆறு மாதம் ஆகிவிட்டதால் நாள்பட்டது என்பது உறுதி. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தாயிற்று, அங்கே வைரஸின் அளவையும், அது எவ்வளவு மும்முரமாகப் பெருகுகிறது என்று காட்டும் இ ஆன்டிஜனையும் பார்த்துவிட்டு மருந்து வேண்டுமா, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதுமா என்று முடிவு செய்வார்கள். "மாத்திரை இல்லன்னா எதுக்குப் போகணும்?" என்று கேட்டார். ஈரல் சத்தமில்லாமல் கெடும் ஆச்சி, அதனால்தான் என்றேன். மருமகள் தேதியைப் போனில் குறித்துக்கொண்டாள்.

கிளம்பும்போது தம்பியிடம் ஒன்று சொன்னேன். இந்த ரிப்போர்ட்டைக் கிழித்துப் போடாமல் பீரோவில் வையுங்கள். குணமானாலும் ஈரல் செல்லுக்குள் வைரஸின் விதை கொஞ்சம் தங்கியிருக்கும், என்றைக்காவது கேன்சர் மருந்தோ எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தோ ஏற்ற வேண்டி வந்தால் அது திரும்ப முளைக்கலாம், அப்போது டாக்டரிடம் கோர் பாசிட்டிவ் என்று முதலிலேயே சொல்ல வேண்டும். அவர் ரிப்போர்ட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, சட்டைக்குள் செருகிக்கொண்டு மழையில் இறங்கினார்.